பள்ளி திறக்க ஐந்து வாரம்: ரிமைண்டரை எந்தத் தேதியில் வைப்பது?

நீலக்குடை

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி திறப்பது ஒரு திங்கட்கிழமை, சரியாக ஐந்து வாரம் இருக்கிறது. பெரியவன் ஒன்பதாம் வகுப்பு, அதே பள்ளி. சின்னவள் ஒன்றாம் வகுப்பு, அவளுக்குப் பள்ளியே புதிது. போனில் கவுண்ட்டவுன் ஒன்று போட்டிருக்கிறேன், தினமும் காலையில் "இன்னும் 35 நாள்", "இன்னும் 34 நாள்" என்று வந்து நிற்கிறது. அது பாட்டுக்கு அடிக்கிறது, நாங்கள் பாட்டுக்குத் தள்ளிவிட்டுப் போகிறோம். அதைப் பார்த்து வீட்டில் யாரும் எழுந்து ஒரு வேலையும் செய்ததாகத் தெரியவில்லை.

கையில் இருக்கும் தேதிகள் இவ்வளவுதான். கட்டணம் கட்டக் கடைசி நாள் திறப்புக்கு முந்தைய வெள்ளி. வேன் பதிவு அதற்கும் ஒரு வாரம் முன்பே, அதற்கு முந்தைய வெள்ளியோடு முடிகிறது. பெரியவனுக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்க வேண்டும், சின்னவளுக்கு ரெடிமேட். புத்தகப் பட்டியல் இன்னும் வரவில்லை. இதில் எதற்கு எப்போது ரிமைண்டர் வைப்பீர்கள்? கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைத்தால் போதுமா?

மஞ்சள்பை

போதும். நான் எல்லாவற்றுக்கும் ஏழு நாள் முன்பு ஒன்று, இரண்டு நாள் முன்பு ஒன்று வைப்பேன். யூனிஃபார்ம் மட்டும் கடைசி வாரத்தில்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் லீவில் பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள். முன்னாடியே அளவெடுத்தால் திறக்கும் அன்றைக்குப் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

தென்னங்கீற்று

எங்கள் வீட்டில் இந்த நாள் எண்ணிக்கையே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். "இன்னும் 20 நாள்தான்" என்று பார்த்தாலே சின்னவன் அழ ஆரம்பிப்பான். அதற்குப் பதில் தூங்கும் நேரத்தை மட்டும் கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தோம். பள்ளி என்ற பேச்சே இல்லாமல் பழகிவிட்டான். உங்கள் மகளுக்கும் புதுப் பள்ளி என்கிறீர்கள், சுவரில் எண்ணை எழுதி ஒட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நீலக்குடை

தென்னங்கீற்று, நான் கேட்டது பெரியவர்களுக்கான ரிமைண்டர் பற்றி! ஆனாலும் தூக்கக் கணக்கு நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

"இன்னும் 34 நாள்" என்பதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லையே, அதனால்தான் தள்ளிவிடுகிறீர்கள். அதைச் சரிசெய்வது சுலபம், அப்புறம் வருகிறேன். முதலில் தேதி.

தாளில் அச்சடித்திருக்கும் கடைசித் தேதி உங்களுடைய கடைசித் தேதி கிடையாது. ஒரு வேலை இன்னொரு வேலைக்காகக் காத்திருக்கும். பல பள்ளிகளில் வேன் பதிவுப் படிவத்தில் கட்டண ரசீது எண் கேட்பார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் என்றால், கட்டணத்தின் உண்மையான கடைசி நாள் திறப்புக்கு முந்தைய வெள்ளி இல்லை. வேன் பதிவு முடிவதற்குள் ரசீது கையில் இருக்க வேண்டும், ரசீது வர நாலு வேலை நாள் ஆகும் என்று வைத்தால் அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். பதிவு முடியும் வெள்ளி திறப்புக்கு 10 நாள் முன்பு வருகிறது. அதிலிருந்து நாலு வேலை நாள் பின்னால் போனால் வியாழன், புதன், செவ்வாய், திங்கள். அதாவது திறப்புக்கு 14 நாள் முன்பு. அந்த வாரம் புதன்கிழமை ஒரு பொது விடுமுறை வந்துவிட்டால் வியாழன், செவ்வாய், திங்கள், அதற்கு முந்தைய வெள்ளி. 17 நாள் முன்பு. தாளில் 3 நாள் முன்பு என்று இருந்தது 17 ஆகிவிட்டது, பார்த்தீர்களா. ஒரு வாரம் முன்பு ரிமைண்டர் என்று மஞ்சள்பை சொன்னபடி வைத்திருந்தால் அது 10 நாள் முன்பு, சரியாக வேன் பதிவு முடியும் அன்றைக்கு அடித்திருக்கும். அன்றைக்குப் பணம் கட்டி ரசீது எப்போது வர?

ஆகவே முதல் வேலை தேதி குறிப்பது இல்லை. ஒவ்வொரு படிவத்தையும் எடுத்து, "இதை நிரப்ப என்ன கையில் வேண்டும்?" என்று பார்ப்பது. ரசீது எண், சேர்க்கை எண், போட்டோ, ரத்த வகை, எது கேட்கிறதோ அது. அந்தக் கேள்விக்குப் பதில் வந்தாலே எதை முதலில் தொட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நீலக்குடை

படிவத்தைத் திறந்து பார்த்தேன். ரசீது எண் கேட்கிறது, சின்னவளுக்குச் சேர்க்கை எண்ணும் கேட்கிறது. சேர்க்கை எண் கட்டணம் கட்டிய பிறகுதான் தருவார்களாம். இது எனக்கு இதுவரை தெரியவே தெரியாது.

அது சரி, ரசீதுக்கு நாலு வேலை நாள் எதற்கு? ஆன்லைனில் கட்டினால் அந்த நிமிஷமே வந்துவிடாதா?

கணக்குப்பிள்ளை

வந்தால் நல்லது. வராத நாளுக்காகத்தான் அந்த நாலு நாள்.

முதலாவது, புதுப் பள்ளி என்றால் அவர்கள் கணக்கை உங்கள் வங்கியில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் சில மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள் முழுக்க, சின்னத் தொகைதான் பல வங்கிகள் அனுப்ப விடும். அதற்கு மேல் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ராத்திரி கட்ட உட்கார்ந்தால் இரண்டாவது பிள்ளையின் பணம் அந்த வரம்பில் இடித்து நிற்கும்.

இரண்டாவது, நேரடியாக வங்கிப் பரிமாற்றம் செய்தால் குறிப்பு என்று ஒரு கட்டம் வரும். அதில் பிள்ளையின் பெயர், வகுப்பு, விண்ணப்ப எண் மூன்றையும் போடுங்கள். அது காலியாக இருந்தால் பள்ளிக் கணக்கில் பணம் வந்து உட்கார்ந்திருக்கும், யாருடைய பணம் என்று அலுவலகத்துக்குத் தெரியாது.

மூன்றாவது, கடைசி நாள் மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடும். உங்கள் கணக்கில் பணம் போயிருக்கும், ரசீது வந்திருக்காது. அப்போது பதற்றத்தில் இன்னொரு முறை கட்டிவிடக் கூடாது. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒன்று பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததா அல்லது திரும்பி வந்ததா என்று காத்திருக்க வேண்டும். திரும்பி வருவதாக இருந்தால் சில வேலை நாள் பிடிக்கும்.

நான் எக்செல்லில் ஒரு சின்னத் தாள் வைத்திருக்கிறேன். A பத்தியில் வேலை, B-யில் அது முடிந்திருக்க வேண்டிய தேதி, C-யில் எத்தனை வேலை நாள் வேண்டும், D-யில் தொடங்க வேண்டிய தேதி. H2 முதல் H6 வரை பொது விடுமுறைத் தேதிகள்.

```
D2:  =WORKDAY(B2,-C2,$H$2:$H$6)
E2:  =D2-TODAY()
```

E-யில் இருப்பதுதான் எனக்குக் கவுண்ட்டவுன். பள்ளி திறக்க எத்தனை நாள் என்பதை அது சொல்லாது, இந்த வேலையைத் தொட எத்தனை நாள் என்பதைச் சொல்லும். E சின்னதாக இருக்கும் வரிசையில் அடுக்கினால் இந்த வாரம் செய்ய வேண்டியது மேலே வந்து நிற்கும்.

ரயில்தண்டவாளம்

WORKDAY சனி ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். எங்கள் வங்கி சனிக்கிழமை திறந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் இதைப் போடலாம், 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை:

```
=WORKDAY.INTL(B2,-C2,11,$H$2:$H$6)
```

இதன்படி உங்கள் கணக்கில் 17 நாள் என்பது 16 ஆகும், சனிக்கிழமை கட்டினால் போதும். ஒரு நாள் மிச்சம்.

கணக்குப்பிள்ளை

ரயில்தண்டவாளம், சூத்திரம் சரி. ஆனால் ரசீது போடுவது வங்கி இல்லை, பள்ளி அலுவலகம். வங்கி திறந்து அலுவலகம் பூட்டியிருந்தால் அந்தச் சனிக்கிழமையை வேலை நாளாக எண்ண முடியாது. இரண்டு இடத்திலும் ஆள் இருக்கும் நாளைத்தான் எண்ண வேண்டும். விடுமுறைக் காலத்தில் பல அலுவலகங்கள் அரை நாள்தான் இயங்கும், அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சள்பை

எனக்கு E பத்தியில் எண்ணுக்குப் பதில் ஏதோ பழைய வருடத் தேதி வருகிறது. ஒரு வரியில் #VALUE! என்று வேறு வருகிறது.

கணக்குப்பிள்ளை

முதலாவது வெறும் வடிவப் பிரச்சினை. அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதியிலிருந்து எண்ணுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

இரண்டாவது கொஞ்சம் விஷமமானது. நீங்கள் தட்டிய தேதியை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் `=ISNUMBER(B2)` போட்டுப் பாருங்கள், FALSE வந்தால் அதுதான் காரணம். உங்கள் கணினி மாதத்தை முதலிலும் நாளை இரண்டாவதாகவும் படிக்கும் அமைப்பில் இருக்கலாம். 25/5 என்று வருடத்தோடு தட்டினால் 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எழுத்தாக விட்டுவிடும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். 3/6 என்று தட்டியதைச் சத்தமே போடாமல் மார்ச் 6 ஆக்கிவிடும், தேதி மாதிரியே இருக்கும், எதுவும் சிவக்காது. அதனால் மாதத்தை எழுத்தில் காட்டும்படி வடிவத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

ஊசிநூல்

தையல் கடை வைத்திருக்கிறேன், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. மஞ்சள்பை சொன்ன வளர்ச்சி விஷயம் பாதி சரி. பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாக ஒரு வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் ஏறுவார்கள். அப்படிப் பார்த்தால் ஐந்து வாரத்தில் அரை சென்டிமீட்டர் கூடினால் பெரிசு. ஒன்பதாம் வகுப்புப் பையன் திடீர் வளர்ச்சியில் இருந்தால் அது வருடத்துக்கு ஒன்பது பத்து வரை போகும், அப்போதும் ஐந்து வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான், அதுவும் முழு உயரத்தில். காலுக்கு வருவது அதில் ஒரு பங்கு. பேண்ட் அடியில் ஐந்து சென்டிமீட்டர் உள்மடிப்பு வைத்துத் தைத்தால் அந்த வருடம் முழுக்கவே பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இடுப்புக்குப் பின்தையலில் இரண்டு விரல் துணி விடச் சொல்லுங்கள், சட்டைக்குக் கையிலும் அடியிலும் கொஞ்சம். கேட்டால்தான் விடுவார்கள், கேட்காவிட்டால் ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுவோம், உண்மையைச் சொல்கிறேன்.

பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பையன் இல்லை, துணி. பருத்தி அதிகம் உள்ள துணி முதல் தண்ணீரிலேயே நூற்றுக்கு மூன்று வரை சுருங்கும், சிலது அதற்கு மேலும். ஒரு மீட்டர் நீளப் பேண்டில் அது மூன்று சென்டிமீட்டர். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை இல்லை. பாலியஸ்டர் கலந்த துணிக்கு இது அவ்வளவு தேவைப்படாது. எது என்று தெரியவில்லையா, ஒரு சாண் துணியை வெட்டி அளந்து, நனைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள்.

இனி நாள் கணக்கு. திறப்புக்கு முந்தைய வெள்ளி துணி உங்கள் கையில் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்து ஏதாவது பிடித்தால் திருத்த மூன்று நாள், அப்படியானால் செவ்வாய்க்கிழமை தைத்து முடித்திருக்க வேண்டும். கடையில் பத்து நாள் என்று சொன்னால் அதற்கு முந்தைய வாரம் தாண்டி அதற்கு முந்தைய சனிக்கிழமை கொடுக்க வேண்டும், 16 நாள் முன்பு. துணியை நனைத்துக் காயவைக்க இரண்டு நாள், ஆக வியாழக்கிழமை, 18 நாள் முன்பு துணி வீட்டில் இருக்க வேண்டும்.

ஆனால் பத்து நாள் என்பது இன்றைக்குக் கேட்டால் சொல்லும் பத்து நாள். அதே கடையில் இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பதினைந்து, பதினெட்டு என்பார்கள், அதற்கு அப்புறம் ஆர்டரே எடுக்க மாட்டார்கள். எத்தனை நாளில் தைப்பீர்கள் என்பதை விட, பள்ளி ஆர்டர் என்றைக்கு நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு ரிமைண்டர் வையுங்கள்.

மஞ்சள்பை

சரி, துணிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஷூவுக்கு?

ஊசிநூல்

ஷூ என் தொழில் இல்லை. ஆனால் அங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஷூவில் உள்மடிப்பு விட முடியாதே. கடைசி இரண்டு வாரத்துக்குள் வாங்குங்கள், ஒரேயடியாகக் கடைசி நாள் வேண்டாம். சாயங்காலம் போங்கள், நடந்து நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். பள்ளிக்குப் போடும் அதே சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு நிற்கவைத்து, நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குள்ளேயே தினம் கொஞ்ச நேரம் போட்டு நடக்கட்டும். குதிகாலில் சிவந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் நாள் இருக்கும், வெளியே போட்டுத் தேய்ந்த ஷூவை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

ராக்கோழி

எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. எனக்கு இரவு ஷிஃப்ட், மனைவிக்குப் பகல் வேலை. ஒரே காலண்டரை இருவரும் பகிர்ந்து வைத்திருக்கிறோம். காலை 10 மணிக்கு "ஃபீஸ்" என்று இரண்டு போனிலும் அடிக்கும், நான் தூக்கத்தில் அணைத்துவிட்டு அவள் கட்டிவிடுவாள் என்று விடுவேன், அவள் மீட்டிங்கில் அணைத்துவிட்டு நான் கட்டிவிடுவேன் என்று நினைப்பாள். இரண்டு பேருக்கும் நினைவூட்டியும் யாரும் கட்டாமல் போகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

முன்னே அப்புறம் வருகிறேன் என்று விட்டது இதுதான். ரிமைண்டரில் "ஃபீஸ்" என்று ஒற்றைச் சொல் போடாதீர்கள். யார், என்ன செய்ய வேண்டும், கையில் என்ன வேண்டும், மூன்றும் அதிலேயே இருக்கட்டும். உதாரணமாக நீலக்குடை வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அப்பா: சின்னவள் வேன் பதிவு. ரசீது எண், சேர்க்கை எண், 2 போட்டோ. மாலை 5-க்குள்."

அந்த ஆளின் போனில் மட்டும், அவர் உண்மையிலேயே உட்கார்ந்து செய்யக்கூடிய நேரத்தில் அடிக்க வேண்டும். உங்களுக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றால் அப்போது. இன்னொன்று, நாள் முழுதும் என்று குறிக்கும் நிகழ்வுக்கு எந்நேரம் மணி அடிக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும், சிலதில் அடிக்கவே அடிக்காது. எப்போதும் மணி நேரம் போட்டே வையுங்கள். நாளைக்கு ஒன்று சும்மா வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

தென்னங்கீற்று

ஒரு ஆளுக்கு மட்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் ஜுரத்தில் படுத்துவிட்டால்? எங்கள் வீட்டில் இருவருக்கும் வரும், முடித்தவர் "முடிந்தது" என்று ரசீதுப் படத்தோடு குழுவில் போட வேண்டும்.

ராக்கோழி

அக்கா, அந்தக் குழுவில் ரசீதைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும். அதில் பாதி காலை வணக்கப் படங்கள்.

கணக்குப்பிள்ளை

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி: செய்பவருக்குத் தொடங்கும் நாளில் ஒன்று, மற்றவருக்கு இரண்டு நாள் கழித்து "முடிந்ததா, ரசீது எண் என்ன?" என்று ஒன்று. ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருந்தால் நல்லது. எண்ணைச் சொல்ல வேண்டுமானால் எடுத்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா என்பது நீங்கள் செய்து பார்த்தால்தான் தெரியும்.

பின்சீட்டு

பள்ளி வேன்களுக்குத் தடம் போடும் வேலையில் இருக்கிறேன், பள்ளிப் பெயர் வேண்டாம். பதிவு முடியும் தேதிக்கு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்று திட்டுகிறார்கள், அதனால் சொல்கிறேன். பதிவு முடிந்த பிறகுதான் எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியும். அதை வைத்து நிறுத்தங்களை முடிவு செய்து, வண்டிக்கு எத்தனை இருக்கை என்று பார்த்து, எந்த வரிசையில் போனால் முதலில் ஏறும் பிள்ளை ரொம்ப நேரம் உட்காராது என்று அடுக்குவோம். அதற்குப் பின் வருபவரை ஏற்கெனவே இருக்கும் நிறுத்தத்தில்தான் சேர்ப்போம், அது அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையாகவும் இருக்கலாம். புது நிறுத்தம் போட்டால் அதற்குப் பின்னால் நிற்கும் எல்லாப் பிள்ளைகளின் நேரமும் தள்ளிப்போகும்.

படிவத்தில் வீட்டு முகவரி மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. மாலையில் பிள்ளை தாத்தா வீட்டில் இறங்குவதாக இருந்தால் அதை அப்போதே எழுதுங்கள், திறந்த பிறகு மாற்றுவது கஷ்டம். பிள்ளையைக் கூட்டிக்கொள்ள வருபவர் பெயரும் போன் எண்ணும் இரண்டு பேருடையது கொடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஆள் இல்லாமல் நிறுத்தத்தில் இறக்க மாட்டோம், வண்டியில் வைத்துக்கொண்டே அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவோம், அப்போது போன் எடுக்க யாராவது இருக்க வேண்டும்.

நீலக்குடை

நிறுத்தம் தெரிந்ததும் ஒருநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். நேரம் தெரிந்துவிடும் அல்லவா?

பின்சீட்டு

நிறுத்தம் வரை நடக்கும் நேரம் தெரியும், அதற்கு நடந்து பாருங்கள், புத்தகப் பையை மாட்டிவிட்டு நடக்கவையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உங்கள் வேகத்தில் நடக்காது. வண்டி நேரத்தை அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விடுமுறையில் சாலை காலியாக இருக்கும், நாங்கள் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டமே குறைவாகத்தான் காட்டும். திறந்த முதல் வாரம் எல்லாப் பள்ளியும் ஒன்றாக இறங்கும், ஏறும்போது புதுப் பிள்ளைகள் அழும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிமிஷம் போகும். வண்டி தாமதமாக வரும் என்று நீங்களும் தாமதமாக வராதீர்கள், முதல் இரண்டு நிறுத்தங்களுக்குச் சரியான நேரத்துக்கே வந்துவிடுவோம். கடைசி நிறுத்தங்களில்தான் இழுக்கும். உங்களுடையது எத்தனையாவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்தண்டவாளம்

புத்தகத்தை யாரும் தொடவே இல்லையே. பட்டியலே வராதபோது எந்தத் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணுவது?

கணக்குப்பிள்ளை

வாங்குவதற்கு ரிமைண்டர் வைக்க முடியாது, கேட்பதற்கு வைக்கலாம். "திங்கள் 11 மணி: அலுவலகத்துக்குப் போன், பட்டியல் எப்போது?" என்று. வந்த பிறகு பட்டியலில் உள்ள பதிப்பும் கையில் எடுத்த புத்தகமும் ஒன்றா என்று அட்டையின் பின்னால் இருக்கும் 13 இலக்க எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அட்டைப்படம் ஒன்றாக இருக்கும், உள்ளே பாடம் இடம் மாறியிருக்கும், "43-ஆம் பக்கம் திறங்கள்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளை முழிக்கும். நோட்டு, அட்டை போடும் தாள், பெயர் ஒட்டும் சீட்டு எல்லாம் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டாம், கோடு போட்டதா கட்டம் போட்டதா என்பது மட்டும் தெரிந்தால் வாங்கிவிடலாம்.

மஞ்சள்பை

விளையாட்டு வகுப்புக்கு ஒரு பனியன் உண்டே, அதன் நிறம் பிள்ளை எந்த அணி என்பதைப் பொறுத்தது. அதையும் முன்பே வாங்க வேண்டுமா?

ஊசிநூல்

வேண்டாம். திறந்த பிறகுதான் அணி பிரிப்பார்கள். முன்பே ஒரு நிறத்தில் வாங்கிவிட்டு மாற்ற அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

தென்னங்கீற்று

எங்கள் பள்ளியில் சேர்க்கைக் கடிதத்திலேயே அணி போட்டிருக்கும். எல்லா இடத்திலும் ஒன்று மாதிரி இல்லை, கேட்டுவிட்டு வாங்குவதுதான் சரி.

நீலக்குடை

நிலவரம் சொல்கிறேன். தினமும் வரும் அந்தக் கவுண்ட்டவுனை எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி ஏழு வரி வந்தது, அதில் இந்த வாரம் மேலே நின்றது இரண்டுதான்: சின்னவளின் பள்ளிக் கணக்கை வங்கியில் சேர்ப்பது, டெய்லரிடம் ஆர்டர் நிறுத்தும் தேதி கேட்பது. டெய்லர் இன்னும் இரண்டு வாரம்தான் எடுப்பேன் என்றார், ஆகவே துணி எடுப்பது அடுத்த வியாழனுக்கு வந்துவிட்டது. துணியில் ஒரு சாண் வெட்டி நனைத்துப் பார்க்கப் போகிறேன்.

கட்டணத்தைத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேற்றே பெரியவனுக்கு ஒன்று, இன்று சின்னவளுக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டினேன். பெரியவனுக்கு உடனே ரசீது வந்தது. சின்னவளுக்குப் பணம் போய்விட்டது, ரசீது இன்னும் வரவில்லை. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். இதற்கு எத்தனை நாள் பொறுப்பது, எப்போது அலுவலகத்தில் கேட்பது?

கணக்குப்பிள்ளை

உங்களுக்குத்தான் நாள் நிறைய இருக்கிறதே, மறுபடி மட்டும் கட்டாதீர்கள். நாளை ஒரு வேலை நாள் முழுதும் போகட்டும். அதற்கு மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள். வாயால் மட்டும் சொன்னால் எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொள்வார்கள். சேர்க்கை எண் எப்போது கிடைக்கும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

நீலக்குடை

சரி. மறுநாள் காலை 9:30, என் பெயர் போட்டு, மூன்று விவரத்தோடு ரிமைண்டர் வைத்துவிட்டேன். என்ன சொல்கிறார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன். பின்சீட்டு, சேர்க்கை எண் தாமதமானால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பதிவு செய்ய விடுவார்களா?

பின்சீட்டு

நாங்கள் வாங்கிக்கொள்வோம், பிறகு எண்ணைச் சேர்த்துக்கொள்வோம். உங்கள் பள்ளியில் எப்படியோ, அங்கே வண்டி பார்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.